விறாந்தைக் கம்பிக்குப் பின்னால் ஓர் ஆள்

ஒரு படத்தில் இல்லாத ஆளைக் கம்பிக்கோ வேலிக்கோ மரக்கிளைக்கோ பின்னால் நிறுத்தும் வேலையில் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எது முன்னே, எது பின்னே என்பது முதற் கேள்வி. முன்னே இருப்பதன் விளிம்பு எந்த இடத்தில் முடிகிறது என்பது இரண்டாவது. முதலாவது ஆழத்தைப் பற்றியது. இரண்டாவதை மாஸ்க் பார்த்துக்கொள்கிறது. ஆழத்தைச் சரியாகக் கணித்துவிட்டு விளிம்பை அசட்டையாக வெட்டினால் ஆள் கடதாசியில் வெட்டி ஒட்டியதுபோல நிற்பார். விளிம்பை அழகாக வெட்டிவிட்டு ஆழத்தை மறந்தால், கம்பி அவரை மறைத்தாலும் அவர் கம்பிக்குப் பின்னால் நிற்பதாகக் கண் நம்பாது.

திருகோணமலை அன்புவழிபுரத்தின் சிறு ஸ்டூடியோக்களுக்கு இந்த வேலை அடிக்கடி வரும். வெளிநாட்டில் இருப்பவரைச் சாமத்தியவீட்டுப் படத்தில் சேர்க்க வேண்டும், காலமாகிவிட்ட தகப்பனைப் பிள்ளைகளோடு நிறுத்த வேண்டும் என்று வீட்டார் வருவார்கள். இங்கே விவரிக்கப்படுவது 2014 அளவில் அப்படியொரு ஸ்டூடியோவில் செய்த படம். தாயும் மூன்று பிள்ளைகளும் தங்கள் வீட்டு விறாந்தைக்கு முன்னால், முற்றத்தில் நின்றார்கள். தகப்பன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய முழு உருவமும் தெரிகிற படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. மூதூர் லோஞ்சின் ஓரக் கம்பியில் வலக்கையை வைத்தபடி, சாரமும் வெள்ளைச் சேட்டுமாக நிற்கிறார். தாய் கேட்டது இதுதான்: “பின்னேரத்தில அவர் விறாந்தைக் கம்பியில கைய வச்சுக்கொண்டுதான் நிக்கிறவர், தம்பி. அப்பிடியே நிக்கிற மாதிரிப் போட்டுத் தாங்கோ.”

அந்த இடம் தொழில் முறையிலும் நல்ல தெரிவு. குடும்பத்தாருக்கு நடுவில் ஒருவரைச் சேர்த்தால் தோளோடு தோள் உரசும் இடங்கள், ஒருவர்மேல் மற்றவர் போடும் நிழல், மண்ணில் பாதம் பதியும் இடம் எல்லாவற்றையும் உண்டாக்க வேண்டிவரும். கம்பிக்குப் பின்னால் நிற்பவருக்கு அவற்றில் பாதி தேவைப்படாது. அதற்கு ஈடாகக் கம்பி ஒவ்வொன்றையும் விளிம்பு விளிம்பாகப் பிரிக்க வேண்டும்.

வேலை கணினியில் அல்ல, முற்றத்தில் தொடங்குகிறது. கமரா முக்காலியில் நிற்கும்போதே இன்னும் இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று யாருமில்லாத வெறும் விறாந்தை. மற்றது அளவுக்கு ஓர் ஆள்: வீட்டில் யாரையாவது, சேர்க்கப்போகிறவர் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி எடுப்பது. இந்த வீட்டில் மூத்த மகன் கம்பிக்குப் பின்னால் போய்க் கையை வைத்துக்கொண்டு நின்றான். உயரம், மங்கல், வெயில், நிழல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படம் சாட்சி. இது கையில் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கணக்கால் பிடிக்க வேண்டும். கணக்கு பொய் சொல்லாது, ஆனால் ஒரு தூரத்தைப் பிழையாக ஊகித்தாலே எல்லாம் பிசகிவிடும்.

அந்தக் கணக்கு எப்படிப் போனது என்று பார்க்கலாம். கமராவின் சென்சர் 23.6 மில்லிமீற்றர் அகலம், படம் 6000 பிக்சல் அகலம், லென்ஸ் 35 மில்லிமீற்றர். குடும்பத்தார் 4 மீற்றர் தூரத்தில், கம்பி 6 மீற்றரில். கம்பி இருக்கும் தூரத்தில் ஏறத்தாழ 4 மீற்றர் அகலமான காட்சி படத்துக்குள் அடங்குகிறது; ஆகவே அங்கே ஒரு சென்ரிமீற்றருக்கு 15 பிக்சல். கம்பியில் கை வைத்திருப்பவர் அதற்கு 30 சென்ரிமீற்றர் பின்னால்தான் நிற்க முடியும். அவ்விடத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு 14 பிக்சலும் கொஞ்சமும் வரும். தகப்பனின் உயரம் 170 சென்ரிமீற்றர் என்று வீட்டார் சொன்னார்கள். அப்படியானால் படத்தில் அவர் ஏறக்குறைய 2400 பிக்சல் உயரம் இருக்க வேண்டும். லோஞ்சுப் படத்தில் அவர் நாலு அங்குல உயரம். 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தபோது 2400 பிக்சல் கிடைத்தது. பெரிதாக்க வேண்டியே இருக்கவில்லை.

உயரத்தைவிட முக்கியமானது கமராவின் கண்மட்டம். கமரா மண்ணிலிருந்து 140 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. விறாந்தை மண்ணைவிட 45 சென்ரிமீற்றர் உயரம். ஆக விறாந்தையில் நிற்பவரைக் கமரா அவருடைய இடுப்பு மட்டத்திலிருந்து, அதாவது அவர் பாதத்துக்கு மேல் 95 சென்ரிமீற்றரிலிருந்து பார்க்கிறது. லோஞ்சில் எடுத்தவரோ கண் உயரத்தில் வைத்து எடுத்திருந்தார். அப்படி எடுத்த படத்தில் பாதங்களை மேலிருந்து பார்ப்பதுபோல இருக்கும். இந்த முரண்பாடு முகத்தில் தெரியாது, காலில்தான் காட்டிக்கொடுக்கும். நல்ல வேளையாக விறாந்தை ஓரத்தில் கம்பிகளின் அடியில் அரையடி உயரச் சிறு கட்டு ஓடியது. கமராவிலிருந்து பார்க்கும்போது அது பின்னால் நிற்பவரின் பாதங்களை மூடிவிட்டது. அந்தக் கட்டு இருந்திராவிட்டால் இந்த மூலப் படத்தைக்கொண்டு வேலையே செய்திருக்க முடியாது.

இனி லேயர் ஒழுங்கு. ஃபோட்டோஷொப்பில் லேயர் என்பது 1994-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து உண்டு. பழகியவர்கள்கூட இந்த வேலையில் செய்யும் பிழை, ஆளின் லேயரிலுள்ள ஒரே மாஸ்க்கில் எல்லாவற்றையும் வெட்டுவதுதான்: ஆளின் உருவ விளிம்பையும் அதிலேயே, கம்பி மறைக்கும் இடங்களையும் அதிலேயே. பிறகு ஆளை ஒரு விரல் அகலம் இடப்பக்கம் நகர்த்தினால் கம்பி வெட்டுகளும் கூடவே நகரும். ஆளின்மேல் காலியான கோடுகள் விழும், கம்பியை ஆள் மூடிவிடுவார். சரியான வழி இரண்டு மாஸ்க். உருவ விளிம்பு ஆளுக்குச் சொந்தம். அது ஆளின் லேயரில் இருக்கட்டும். கம்பிகள் இடத்துக்குச் சொந்தம். ஆளின் லேயரை ஒரு குழுவுக்குள் போட்டு, கம்பி மாஸ்க்கை அந்தக் குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அப்போது ஆளை எப்படி நகர்த்தினாலும் சுருக்கினாலும் கம்பிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆளின் நிழலையும் அதே குழுவுக்குள் வைத்தால், தரையிலும் பின்சுவரிலும் விழும் நிழல்கூடத் தானாகவே கம்பிக்குப் பின்னால் போய்விடும். இந்த ஒரு ஒழுங்கு தெரிந்தால் மீதி எல்லாம் பொறுமைதான்.

கம்பிகளைப் பிரிக்கத் தன்னியக்கத் தெரிவுக் கருவிகள் வேண்டாம். நேரான, ஒரே அகலமுள்ள பொருளுக்கு Pen Tool-க்கு நிகர் இல்லை. விறாந்தைக் கம்பி அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 12 மில்லிமீற்றர். படத்தில் 18 பிக்சல் அகலம். நாலங்குலத்துக்கு ஒன்றாக நட்டிருந்ததால் ஆளின் உடம்புக்குக் குறுக்கே வந்தவை நாலைந்து கம்பிகளும் மேல் கம்பியும்தான். அவற்றுக்கு மட்டும் பாதை வரைந்தால் போதும். பாதையைத் தெரிவாக மாற்றி, குழுவைத் தொட்டு, Alt விசையை அழுத்தியபடி மாஸ்க் பொத்தானைச் சொடுக்கினால் கம்பிகளின் இடத்தில் மட்டும் ஆள் மறைவார்.

மறைந்த உடனே ஒரு குறை கண்ணில் படும். கம்பிகளின் இரு ஓரத்திலும் மெல்லிய வெளிர்நீலக் கோடு. விறாந்தையின் பின்சுவர் வெளிர்நீலம். கம்பியின் ஓரப் பிக்சல் ஒவ்வொன்றும் பாதி கம்பி, பாதி சுவர். கமரா இரண்டையும் ஒரே நிறமாகக் குழைத்துப் பதிந்திருக்கிறது. சுவர் பின்னால் இருக்கும்வரை அது தெரியவில்லை. இப்போது பின்னால் கடும் நீலச் சாரம் வந்துவிட்டது. பழைய சுவரின் நிறம் கம்பியோடு ஒட்டிக்கொண்டு தனித்துத் தெரிகிறது. ஒரு பிக்சல் முழுவதும் ஒரு பொருளுக்கே சொந்தமல்ல, அதில் எவ்வளவு பங்கு மூடப்பட்டிருக்கிறது என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும் என்ற கருத்தில்தான் படங்களை ஒன்றிணைக்கும் கணக்கு முழுவதும் நிற்கிறது. லூக்காஸ்ஃபில்மைச் சேர்ந்த தோமஸ் போர்ட்டரும் தொம் டஃபும் 1984-இல் அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். ஆனால் பங்கு சரியாகக் கிடைத்தாலும், குழைந்துபோன நிறத்தைக் கணக்கு தானாகப் பிரித்துத் தராது. அதைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

எடுக்க இரண்டு வழி. கம்பித் தெரிவை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கினால் ஆளின் நிறம் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு பிக்சல் முன்னேறும், 18 பிக்சல் கம்பி 16 ஆகும், யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் படத்தில் கூர்மை 4 மீற்றரில் நின்ற பிள்ளைகள்மேல் இருந்தது. துளை f/8. 6 மீற்றரில் இருந்த கம்பியின் ஓரம் மூன்று பிக்சல் அகலத்துக்கு மங்கியிருந்தது. மூன்று பிக்சல் மங்கலை ஒரு பிக்சல் சுருக்கு தீர்க்காது. அதற்கு மேல் சுருக்கினால் கம்பி கத்தியால் சீவியதுபோலக் கூராகி, பக்கத்தில் ஆள் மறைக்காத கம்பிகளோடு பொருந்தாமல் போகும். ஆகவே இரண்டாவது வழி எடுக்கப்பட்டது. மாஸ்க்கின் ஓரம் பக்கத்துக் கம்பிகளின் அளவுக்கே மென்மையாக்கப்பட்டது. பிறகு கம்பிகளின் பிரதியொன்று குழுவுக்கு மேல் வைக்கப்பட்டு, அதே கம்பியின் நடுவிலிருந்து எடுத்த நிறத்தைச் சிறு தூரிகையால் ஓரம்வரை இழுத்துவிட்டார்கள். துருப்பிடித்த இடத்தில் துருவின் நிறம், பூச்சு இருந்த இடத்தில் பூச்சின் நிறம். இது நேரம் தின்னும் வேலை. இதைச் செய்யாத படங்களை எட்ட நின்றே அடையாளம் காணலாம்.

அடுத்தது கை. இந்த ஓர் இடத்தில் ஆழத்தின் ஒழுங்கு தலைகீழாகிறது. உடம்பு கம்பிக்குப் பின்னால், விரல்களோ கம்பிக்கு முன்னால். குழு மாஸ்க்கில் நாலு விரல்களும் மேல் கம்பியைத் தாண்டி வரும் இடத்தை மட்டும் வெள்ளையாக்கி விரல்களை வெளியே கொண்டுவர வேண்டும். பெருவிரலை விட்டுவிட வேண்டும், அது பின்பக்கம். அதோடு நிறுத்தினால் விரல்கள் கம்பிமேல் மிதக்கும். விரல் கம்பியைத் தொடும் கீழ் ஓரத்தில், Multiply முறையிலான ஒரு லேயரில், இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்குக் கடும் நிழல் தீட்டியதும் கை பிடித்தது. மகன் நின்ற அளவுப் படத்தில் அந்த நிழல் எவ்வளவு கறுப்பாக இருந்ததோ அவ்வளவே. லோஞ்சுப் படத்தில் கையின் புறங்கை சற்று மேலிருந்து தெரிந்தது; விறாந்தையில் கமரா ஏறத்தாழக் கம்பி மட்டத்தில் இருந்தது. அதனால் புறங்கையை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் ஒடுக்க வேண்டியிருந்தது. உடம்பு முழுவதிலும் வடிவம் மாற்றப்பட்ட இடம் இது ஒன்றுதான்.

கம்பிகள் ஆளை மறைப்பதைவிட, கம்பிகளின் நிழல் ஆள்மேல் விழுவதே அவரைக் கம்பிக்குப் பின்னால் தள்ளுகிறது. விறாந்தை கிழக்குப் பார்த்தது. காலை எட்டு மணி. வெயில் கமராவின் முதுகுப் பக்கமிருந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வந்தது. அப்போது ஒவ்வொரு 30 சென்ரிமீற்றர் பின்னே போகும்போதும் நிழல் சுமார் 17 சென்ரிமீற்றர் கீழே இறங்கும். ஆகவே விறாந்தைத் தரையிலிருந்து 90 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்த மேல் கம்பியின் நிழல், அவர் சாரத்தில் 73 சென்ரிமீற்றர் உயரத்தில் விழ வேண்டும். நெட்டுக் கம்பிகளின் நிழல்கள் அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். பலர் செய்யும் பிழை, கம்பிகளைப் பிரதி எடுத்து, கறுப்பாக்கி, கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி இடுப்பிலிருந்தே நிழலாக விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் ஆள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்பதுபோல ஆகும். சாரத்தின் மடிப்பில் நிழற் கோடு வளைய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே நிழல்கள் மகனின் காற்சட்டையில் விழுந்ததைப் பார்த்து வரையப்பட்டன. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு; ஆகவே இந்தத் தூரத்தில் நிழலின் ஓரம் மூன்று மில்லிமீற்றரளவு, அதாவது நாலைந்து பிக்சல், தானாகவே மென்மையடையும். ஆள் இன்னும் ஒரு மீற்றர் பின்னால் நின்றிருந்தால் கம்பியின் நிழல் கரைந்து ஒரு மங்கற் பட்டையாகவே இருந்திருக்கும்.

வெளிச்சத்தின் பக்கம் பொருந்தாத மூலப் படம் வந்தால் ஆளை இடம் வலமாகப் புரட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. சேட்டுப் பை வலப்பக்கம் போய்விடும், தலையின் வகிடு மாறிவிடும். முன்பின் தெரியாதவர் கவனிக்கமாட்டார். மனைவி ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார்.

மரக்கிளைக்குக் கம்பியின் முறை உதவாது. முற்றத்து முருங்கையின் ஒரு கொப்பு படத்தின் மேல் ஓரத்திலிருந்து இறங்கி, தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் தோளுக்குக் குறுக்கே வந்தது. முருங்கைக்குச் சிற்றிலைகள் எண்ணில்லாதவை. பாதை வரைவது வீண். இங்கே நிறமே துணை. இலைகள் காலை வெயிலில் மஞ்சட்பச்சையாக மின்னின. பின்னால் சுவரின் மேற்பகுதி நிழலில் நீலமாக இருந்தது. நீலச் சுவரில் சிவப்பு குறைவு, வெயிலிலுள்ள இலையில் அதிகம். ஆகவே வெறும் விறாந்தைப் படத்தின் சிவப்புச் சானலைப் பிரதி எடுத்து, Levels-இல் சுவரைக் கறுப்புக்கும் இலையை வெள்ளைக்கும் தள்ளினால் மாஸ்க்கில் முக்கால்வாசி கிடைத்துவிடுகிறது. முழுவதும் தள்ளக் கூடாது. காற்றில் அசைந்த இலைகள் பாதி ஒளிபுகும் மங்கலாகப் பதிந்திருக்கும். அவை மாஸ்க்கிலும் சாம்பலாகவே இருக்க வேண்டும். அவற்றை வெள்ளையாக்கினால் இலை ஓரங்கள் பல்லுப்பல்லாக வெட்டியதுபோலத் தெரியும். காற்றில் கொப்பு ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுமாகையால், இலைகளும் மாஸ்க்கும் ஒரே படத்திலிருந்து வர வேண்டும் என்பதும் கட்டாயம்.

கிளைக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு, அங்கே மாஸ்க்கே தேவையில்லை. கிளையும் வானமும் உள்ள பகுதியைப் பிரதி எடுத்து ஆளுக்கு மேல் Multiply முறையில் வைத்து, வானம் தூய வெள்ளையாகும்வரை Levels-ஐ உயர்த்தினால் வெள்ளை மறைந்து கறுத்த சுள்ளிகள் மட்டும் ஆள்மேல் நிற்கும். தலைமயிர் அளவு மெல்லிய சுள்ளிகூடத் தப்பாது. கோணேசர் கோயில் மலையில், கடலும் வானமும் பின்னணியாக எடுக்கும் படங்களுக்கு இது நன்றாக உதவும். வானத்தில் முகில் திரண்டிருந்தால் உதவாது. முகிலின் சாம்பல் ஆளின் முகத்தில் அழுக்காகப் படியும்.

இப்போதைய கைபேசிகள் பல படத்தோடு ஆழ வரைபடம் ஒன்றையும் பதிகின்றன: எது கிட்ட, எது எட்ட என்பதைக் கறுப்பு வெள்ளைத் தரமாகக் காட்டும் ஒரு படம். இதைப் பார்த்து மாஸ்க் வேலை தீர்ந்தது என்று எண்ணுபவர்கள் உண்டு. தீரவில்லை. அந்த வரைபடம் மூலப் படத்தைவிட மிகச் சிறியது. 18 பிக்சல் கம்பி அதில் ஓரிரண்டு பிக்சலாகச் சுருங்கும், சில இடங்களில் காணாமலே போகும். அதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. பாதி கம்பியும் பாதி சுவருமான ஒரு பிக்சலுக்கு ஆழ வரைபடம் ஒரேயொரு தூரத்தைத்தான் கொடுக்க முடியும். 6 மீற்றருக்கும் 8 மீற்றருக்கும் நடுவில், அங்கே எதுவுமே இல்லாத 7 மீற்றரைக் கொடுத்துவிடும். திரைப்படத்துறை ஒரு பிக்சலுக்குள் பல ஆழங்களைச் சேமிக்கும் முறையைக் கைக்கொண்டு இதைத் தீர்த்தது. 2013-இல் வந்த ஓபன்இஎக்ஸ்ஆர் 2.0 கோப்பு வடிவம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் அது கணினியில் உருவாக்கிய காட்சிகளுக்கு உரியது. முற்றத்தில் எடுத்த படத்துக்கு ஆழ வரைபடம் ஆளுக்கு எவ்வளவு மங்கல் கொடுப்பது, எட்ட உள்ளதை எவ்வளவு வெளிறச் செய்வது என்பதற்கே பயன்படும். விளிம்பை அதனிடம் கேட்கக் கூடாது.

முடிந்த படத்தைச் சோதிக்க மூன்று பார்வை போதும். 100 வீதத்தில் கம்பி ஓரங்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பது. பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. நிறம் மறைந்ததும், அவர் முகத்தின் வெளிச்சம் முன்னே நிற்பவர்களோடு ஒத்துப்போகிறதா என்பது தெளிவாகும். கடைசியாக ஒரு தற்காலிக Curves லேயரால் இருட்டை மிக வெளிச்சமாக்கிப் பார்ப்பது. பழைய அச்சுப் படத்தின் கறுப்பு வெளிறிப்போயிருக்கும், புதிய படத்தின் கறுப்பு ஆழமாக இருக்கும். இந்த வேறுபாடு அப்போது அப்பட்டமாகத் தெரியும். இந்தப் படத்தில் தகப்பனின் தலைமயிரும் சாரத்தின் மடிப்புகளும் அப்படித்தான் பிடிபட்டுச் சரிசெய்யப்பட்டன. 18 அங்குல அகல அச்சில் ஓர் அங்குலத்துக்கு 333 பிக்சல் வரும். அங்கே நாலு பிக்சல் நீலக் கோடென்றால் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். சுவரில் மாட்டிய படத்தில் அது தெரியும்.

அச்சிட்ட படத்தின் பின்பக்கத்தில் ‘ஆள் இணைத்த படம்’ என்று எழுதி, மூலப் படம் எடுத்த இடத்தையும் சேர்த்த ஆண்டையும் குறித்தே வீட்டாரிடம் கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கும் காலத்தில் அந்த விவரத்தைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். இப்படிப் படம் செய்விப்பவர்கள் இணைத்த படம் கைக்கு வந்ததும் பழைய மூலப் படத்தை எறிந்துவிட வேண்டாம். அதையும் அதே உறையில் வைத்திருங்கள்.